முகம், உடை, இடம்: மூன்று ரெஃபரன்ஸ் படங்களுக்கு வேலை பிரித்து ஒரே படமாக்குவது எப்படி?

மூன்று படங்களை மாதிரியாக ஒரு ஏஐ படக் கருவியில் ஏற்றி, "இந்தப் பெண்ணுக்கு இந்த கோட்டைப் போட்டு இந்த நூலகத்தில் நிற்க வை" என்று ஒரு வரி எழுதினால் ஏதோ ஒரு படம் வரத்தான் செய்யும். ஆனால் முகம் பாதி அவளுடையதாகவும், மீதி அந்த கோட்டைப் போட்டிருந்தவருடையதாகவும் இருக்கும். கோட்டில் ஆறு பொத்தான் இருந்த இடத்தில் நான்கு இருக்கும். ஜன்னல் இடப்பக்கம் இருக்க, முகத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழும்.

புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் அதே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். பத்தில் ஒன்று நன்றாக வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். ஆனால் குறை பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எந்தப் படத்திலிருந்து எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. படங்களும் அதற்கேற்பத் தயாராக இல்லை.

இங்கே ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஒரு ஆள், ஒரு உடை, ஒரு இடம். உதாரணமும் முழுக்க ஒன்றேதான். தோள் வரை சுருள்முடி உள்ள ஒரு பெண், கரும்பச்சை நிற நீண்ட கோட், உயரமான ஜன்னல்கள் உள்ள ஒரு நூலக வாசிப்பறை.

## 1. படங்களைத் தேடும் முன் உரிமைப் பட்டியல் எழுதுங்கள்

படங்கள் மூன்றுதான். ஆனால் கடைசிப் படத்தில் தீர்மானிக்க வேண்டியவை அதைவிட அதிகம். முக அமைப்பு, தோல் நிறம், முடி, உடல்வாகு, உடை, காலணி, போஸ், முகபாவம், இடம், வெளிச்சம், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, ஆள் எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்று பட்டியல் நீளும்.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்டதைப் படம் வரையும் ஏஐ மாடல் காலியாக விடாது, மூன்று படங்களில் எதிலிருந்தாவது எடுத்துக்கொள்ளும், அல்லது தானாக ஒன்றை நிரப்பிவிடும். முடியும் வெளிச்சமும்தான் அடிக்கடி இப்படி ஆதரவில்லாமல் நிற்பவை. முகத்தைக் கேட்டவர் முடியையும் சேர்த்துத்தான் நினைத்திருப்பார். ஆனால் உடைப் படத்தில் இருந்தவரின் நேரான முடி வந்து உட்கார்ந்துவிடும்.

நம் உதாரணத்துக்குப் பட்டியல் இப்படி இருக்கும்:

```
முக அமைப்பு, தோல் நிறம், முடி   : படம் 1
கோட், அதன் துணி, பொத்தான், நீளம்  : படம் 2
அறை, பொருட்கள், கேமரா உயரம்     : படம் 3
வெளிச்சத்தின் திசையும் நிறமும்     : படம் 3
போஸ், முகபாவம், உடல்வாகு         : எழுத்தில்
எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் : எழுத்தில்
```

வெளிச்சத்தை எப்போதும் இடப் படத்துக்கே கொடுங்கள். ஒரு ஆளை ஓர் இடத்தில் நிற்க வைத்தால் அந்த இடத்தின் வெளிச்சம்தான் அவர்மேல் விழும். முகப் படத்தின் வெளிச்சத்தை அப்படியே விட்டால், எவ்வளவு நன்றாக வந்தாலும் வெட்டி ஒட்டியதுபோலத்தான் தெரியும்.

## 2. முகப் படத்தைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்வது

முதலில் ஒரு விஷயம். அது உங்கள் முகமாக இல்லாவிட்டால் அந்த ஆளின் சம்மதம் வேண்டும். என்ன உடையில், எந்த இடத்தில் நிற்க வைக்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லியே கேளுங்கள்.

தேவையான படம்: ஒரே ஒரு ஆள், முகம் நேராகவோ லேசாகத் திரும்பியோ இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும், நெற்றியில் முடி தொடங்கும் இடம் மறையக் கூடாது. வெளிச்சம் மென்மையாக, பரவலாக இருப்பது நல்லது. முகத்தின் பாதி ஆழ்ந்த நிழலில் இருந்தால், அந்தப் பாதி எப்படி இருக்கும் என்பதை மாடல் ஊகித்துத்தான் வரையும்.

கை நீட்டி எடுத்த செல்ஃபியைத் தவிருங்கள். அவ்வளவு பக்கத்திலிருந்து எடுக்கும்போது மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்னால் ஒதுங்கியும் தெரியும். கடைசிப் படத்தில் அந்த ஆள் கேமராவிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி நிற்கப்போகிறார். அங்கே அந்த மூக்கு வந்தால், "ஏதோ சரியில்லை" என்று தோன்றும், என்னவென்று பிடிபடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி நின்று வேறொருவர் எடுத்த படம் போதும்.

செல்ஃபியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில ஃபோன்கள் அதை இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். நம் உதாரணப் பெண்ணுக்குக் கீழுதட்டின் ஓரத்தில் ஒரு மச்சம். அது எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டுப் படத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழகு ஃபில்டர் போட்ட படம் வேண்டவே வேண்டாம். ஃபில்டர் அழித்துவிட்ட தோலின் இயல்பை மாடலால் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்தது கிராப். முடி முழுவதும் உள்ளே இருக்கும்படி விட்டு, கழுத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். முகப் படத்தில் பளிச்சென்ற மஞ்சள் சட்டை தெரிந்தால், கோட்டின் கழுத்துப் பட்டைக்குள் அந்த மஞ்சள் எட்டிப் பார்க்கும். எழுத்தில் "சட்டையை எடுக்காதே" என்று சொல்வதைவிட, சட்டையே தெரியாமல் வெட்டிவிடுவது பலமடங்கு உறுதியான வழி. இந்த விதி மூன்று படங்களுக்குமே பொருந்தும்: வெட்டி நீக்க முடிந்ததை முதலில் வெட்டுங்கள், வெட்ட முடியாததை மட்டும் எழுத்தில் விலக்குங்கள்.

## 3. உடைப் படம்: அதற்குள் இன்னொரு முகம் இருக்கக் கூடாது

முகம் கலந்துபோவதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. உடைப் படம் பெரும்பாலும் யாரோ ஒருவர் அணிந்திருக்கும் படமாகத்தான் கிடைக்கும். அவருடைய முகமும் மாடலின் கண்ணில் படும். இரண்டு முகங்களைக் காட்டிவிட்டு ஒன்றை மட்டும் எடு என்று கேட்பதாகிவிடும். சில நேரம் சரியாக எடுக்கும். பல நேரம் தாடையும் கன்னமும் இவரிடமிருந்து, கண்கள் அவரிடமிருந்து என்று வரும்.

ஆகவே தலையைத் தாடைக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கழுத்துப் பட்டை மட்டும் முழுதாக இருக்க வேண்டும். அணிந்திருப்பவரின் நீண்ட முடி கோட்டின் தோளில் விழுந்திருந்தால், அந்த இடத்தை ஏதாவது ஒரு எடிட்டிங் ஆப்பில் துடைத்துவிடுங்கள். கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹேங்கரில் தொங்கும் படமோ தரையில் விரித்து எடுத்த படமோ இருந்தால் முகத் தொல்லை இல்லை. ஆனால் வேறொன்று வரும். துணி எப்படி விழுகிறது, இடுப்பில் எவ்வளவு இறுக்கம், கோட் முழங்காலுக்கு மேலா கீழா என்பதெல்லாம் அதில் தெரியாது. அப்படிப்பட்ட படத்தைக் கொடுக்கும்போது நீளத்தையும் இறுக்கத்தையும் எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். தலை வெட்டிய, ஆள் அணிந்த படம்தான் என் முதல் தேர்வு.

உடையில் எண்ணிச் சொல்லக்கூடியவற்றை இப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நம் கோட்டில் இரண்டு வரிசையாக வரிசைக்கு மூன்று பொத்தான், மொத்தம் ஆறு, பித்தளை நிறம். அகலமான கழுத்துப் பட்டை. மூடி வைத்த இரண்டு பாக்கெட். முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை நீளம். இந்தக் குறிப்பு, மாடலுக்குக் கொடுக்கும் எழுத்துக் கட்டளையான பிராம்ப்டை எழுதும்போதும் வேண்டும், வந்த படத்தைச் சரிபார்க்கும்போதும் வேண்டும்.

முடிந்தால் நேரான, பரவலான வெளிச்சத்தில் எடுத்த உடைப் படமாகப் பாருங்கள். மாலை வெயிலில் எடுத்த கரும்பச்சை கோட் பழுப்பாகத் தெரியும். அந்தப் பழுப்பைத்தான் மாடல் துணியின் நிறம் என்று எடுத்துக்கொள்ளும்.

## 4. இடப் படம்: ஆள் நிற்க இடம் இருக்கிறதா?

அழகான இடப் படத்தைத் தேடுகிறவர்கள் பார்க்க மறப்பது ஒன்று: அதில் ஒரு ஆள் நிற்கத் தரை இருக்கிறதா? கூரையை நோக்கி எடுத்த படமும் அலமாரியை மட்டும் நெருக்கமாக எடுத்த படமும் பார்க்க நன்றாக இருக்கும். அங்கே ஆளை நிற்க வைக்கச் சொன்னால், மாடல் தரையைத் தானே கற்பனை செய்யும், இல்லாவிட்டால் அறையையே மாற்றிவிடும்.

கேமரா உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அறையில் கேமராவை விட்டு விலகிப் பின்னால் ஓடும் கோடுகளைப் பாருங்கள்: மேசையின் விளிம்பு, அலமாரித் தட்டுகள், தரைப் பலகைகள். அவற்றை மனதுக்குள் நீட்டினால் தொலைவில் ஒரு இடத்தில் சந்திக்கும். அந்த இடத்தின் வழியாகக் குறுக்கே ஒரு கோடு போட்டால் அதுதான் கேமராவின் உயரம். கேமரா நிற்கும் ஆளின் கண் உயரத்தில் இருந்திருந்தால், சமதரையில் அதே உயரமுள்ள எவர் எங்கே நின்றாலும், பக்கத்திலோ தொலைவிலோ, அவருடைய கண் அந்தக் கோட்டிலேயே இருக்கும்.

நம் நூலகப் படம் நிற்கும் ஆளின் கண் உயரத்தில் எடுத்தது. அதில் கோடு ஜன்னலின் கீழ்ச்சட்டத்துக்குச் சற்று மேலே போகிறது. ஆகவே அந்தப் பெண்ணின் கண்களும் அந்த உயரத்தில் வர வேண்டும். வந்த படத்தில் கண்கள் ஜன்னலின் நடுவுக்கு ஏறியிருந்தால் அவள் பூதாகாரமாகத் தெரிவாள், கீழே இறங்கியிருந்தால் குள்ளமாகத் தெரிவாள். "அளவு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில், எங்கே தவறு என்று இந்தக் கோட்டை வைத்துச் சுட்டலாம்.

இடப் படத்தில் ஏற்கனவே ஆட்கள் இருந்தால் அவர்களை முதலில் நீக்கிவிடுங்கள். அதற்கும் அதே கருவியைப் பயன்படுத்தலாம்: இடப் படத்தை மட்டும் கொடுத்து, காலி அறையாக ஆக்கச் சொல்லி, அந்தக் காலி அறையையே ரெஃபரன்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கடினமா மென்மையா, சூடான நிறமா குளிர்ந்த நிறமா என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் அறையில் பார்ப்பவருக்கு இடப்பக்கமுள்ள உயரமான ஜன்னல்களிலிருந்து, மேகமூட்டமான பகல் வெளிச்சம். மென்மையானது, சற்றே நீலம் கலந்தது.

## 5. வரிசையும் கருவியும்

படங்களை எப்போதும் ஒரே வரிசையில் ஏற்றுங்கள்: 1 முகம், 2 உடை, 3 இடம். பழக்கமாகிவிட்டால் எண் குழம்பாது.

கோப்புக்கு "முகம்" என்று பெயர் வைத்துவிட்டு, பிராம்ப்டில் அந்தக் கோப்புப் பெயரைச் சொல்லி வேலை வாங்கப் பார்ப்பவர்கள் நிறைய. மாடலுக்குப் பொதுவாகப் படம்தான் போகிறது, கோப்புப் பெயரை நம்பிவிட முடியாது. எண்ணைச் சொல்லுங்கள், கூடவே அடையாளமாக ஒரு சிறு விவரணையும் சேருங்கள்: "படம் 1, சுருள்முடிப் பெண்ணின் நெருக்கமான முகம்" என்பதுபோல. எண் தவறிப்போனாலும் விவரணை காப்பாற்றும்.

கருவிக்குக் கருவி வழக்கம் வேறு. ஜெமினி 2.5 ஃப்ளாஷ் இமேஜ் மூன்று படங்கள் வரை கொடுத்தால் நன்றாக வேலை செய்யும் என்று கூகுளே சொல்கிறது. நம் வேலைக்கு அது சரியாகப் போதும். ஓபன்ஏஐயின் ஜிபிடி இமேஜ் 1 மாடலை ஏபிஐ வழியாகப் பயன்படுத்துபவர்கள் `input_fidelity` என்பதை `high` என்று வைக்க வேண்டும். அப்போது முதலில் கொடுத்த படத்தின் நுணுக்கங்கள் அதிகமாகக் காக்கப்படும். முகத்தை முதலில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ரன்வேயின் ஜென்-4 ரெஃபரன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்து, `@` போட்டு அந்தப் பெயரால் அழைக்கலாம்.

மிட்ஜர்னி 7இல் கதை வேறு. அங்கே `--oref` வழியாக ஒரே ஒரு படத்தைத்தான் கொடுக்க முடியும். எவ்வளவு அழுத்தமாக எடுக்க வேண்டும் என்பதை `--ow` தீர்மானிக்கும். முகம், உடை, இடம் மூன்றையும் தனித்தனி வேலையோடு கொடுக்க வேண்டுமென்றால் மேலே சொன்ன மற்ற கருவிகளே வசதி.

கடைசிப் படத்தின் அளவு விகிதத்தையும் சொல்லிவிடுங்கள், அதற்கு அமைப்பு இருந்தால் அங்கேயே தேர்ந்தெடுங்கள். சொல்லாவிட்டால் சில கருவிகள் கொடுத்த படங்களில் ஒன்றின் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

## 6. பிராம்ப்ட்: எடு, விடு, சேர்

பிராம்ப்டில் மூன்று பகுதிகள் இருக்கட்டும். முதலில் ஒவ்வொரு படத்தின் வேலை. அடுத்து எந்தப் படத்திலும் இல்லாதவை, அதாவது போஸ், முகபாவம், ஆள் எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்ற சட்டகம். கடைசியில் எல்லாம் எப்படி ஒன்றுசேர வேண்டும் என்பது. இந்த வரிசை முக்கியம். யார் யார் என்று சொல்லிவிட்டுத்தான் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

```
படம் 1: சுருள்முடிப் பெண்ணின் முகம்.
இதிலிருந்து முக அமைப்பு, தோல் நிறம், முடி, கீழுதட்டு ஓர
மச்சம் ஆகியவற்றை மாற்றாமல் எடு. இதன் வெளிச்சத்தையும்
பின்னணியையும் எடுக்காதே.

படம் 2: கரும்பச்சை நீண்ட கோட்.
இதிலிருந்து உடையை மட்டும் எடு: இரண்டு வரிசையில் ஆறு
பித்தளைப் பொத்தான், அகலமான கழுத்துப் பட்டை, மூடி வைத்த
இரண்டு பாக்கெட், முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை நீளம்.
இதில் உள்ளவரின் உடல்வாகையும் போஸையும் எடுக்காதே.

படம் 3: காலியான நூலக வாசிப்பறை.
இதிலிருந்து அறை, மேசை, நாற்காலிகள், கேமரா உயரம்,
வெளிச்சம் ஆகியவற்றை எடு. அறையின் அமைப்பை மாற்றாதே.

படம் 1இல் உள்ள பெண், படம் 2இல் உள்ள கோட்டை அணிந்து,
படம் 3இல் உள்ள நீண்ட மேசையின் ஓரம் நிற்கிறாள். நடுத்தர
உடல்வாகு. வலது கை நாற்காலியின் முதுகில்; நாற்காலியின்
முதுகு அவள் இடுப்புயரம் இருக்கும். முகம் லேசாக ஜன்னல்
பக்கம் திரும்பியிருக்கிறது. அமைதியான முகபாவம், வாய்
மூடியிருக்கிறது. தலை முதல் தொடையின் நடுவரை தெரிய
வேண்டும். செங்குத்துப் படம், விகிதம் 2:3.

பார்ப்பவருக்கு இடப்பக்க ஜன்னல்களின் மென்மையான பகல்
வெளிச்சம் முகத்திலும் கோட்டிலும் ஒரே திசையிலிருந்து விழ
வேண்டும். நிழல் வலப்பக்கம். தோலின் சொந்த நிறம் படம்
1இல் உள்ளதே; வெளிச்சம் மட்டும் படம் 3இல் உள்ளது.
```

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

முகத்தைப் பற்றி மிகக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறது. "பெரிய கண்கள், கூரான மூக்கு, அழகான புன்னகை" என்று எழுதினால் அந்தச் சொற்கள் படத்தோடு போட்டி போடும். சொற்கள் காட்டும் முகம் பொதுவான ஒரு முகம். படம் காட்டுவது ஒரே ஒருத்தியின் முகம். இரண்டும் கலந்தால் பொது முகத்தின் பக்கம்தான் சாயும். அடையாளக்குறி ஒன்றிரண்டைச் சொன்னால் போதும். உடைக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பொத்தான் எண்ணிக்கை, நீளம்போன்றவற்றைச் சொல்லச் சொல்ல நன்றாகவே வரும்.

சட்டகத்தைத் தொடையோடு நிறுத்தியதற்கும் காரணம் இருக்கிறது. 1024-க்கு 1536 பிக்சல் படத்தில் ஆள் 1300 பிக்சல் உயரத்துக்கு முழுதாக நின்றால், தலை உடலின் ஏழரையில் ஒரு பங்கு என்று வைத்தாலும் சுமார் 170 பிக்சல்தான் கிடைக்கும். அதற்குள் கண், இமை, மச்சம் எல்லாம் அடங்க வேண்டும். தொடையோடு நிறுத்தினால் தலைக்கு ஏறத்தாழ 260 பிக்சல் கிடைக்கும். முழு உருவம்தான் வேண்டும் என்று கேட்டு, முகம் அவளைப்போல இல்லையே என்று வருந்துபவர்கள் பலர். அங்கே மாடலுக்கு வரைய இடமே இல்லை. கோட்டின் முழு நீளமும் தெரிய வேண்டுமென்றால் பெரிய அளவில் படம் தரும் கருவியில் செய்யுங்கள்.

மூன்றாவது, தோல் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிரித்துச் சொன்ன கடைசி வரி. அது இல்லாமல் "வெளிச்சத்தை மாற்று" என்று மட்டும் சொன்னால், தோலும் சேர்ந்து வெளுத்துவிடுவதைப் பார்க்கலாம். மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களின் படங்களில் இதைக் கண்டிப்பாகக் கவனித்துத் திருத்த வேண்டும். நிறம் மாறினால் அந்த ஆளே மாறிவிடுகிறார்.

## 7. வந்த படத்தைச் சரிபார்க்கும் முறை

ஒரே பிராம்ப்டில் நான்கு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் உள்ள குறை தற்செயல், இன்னொரு முறை ஓட்டினால் போய்விடும். நான்கிலும் இருக்கும் குறை நீங்கள் கொடுத்த படத்திலோ எழுத்திலோ இருக்கிறது. எத்தனை முறை ஓட்டினாலும் போகாது.

முகத்தைப் பார்க்க, வந்த படத்தில் தலையை மட்டும் வெட்டி, மூல முகப் படத்தின் அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வையுங்கள். முழுப் படத்தில் பார்த்தால் உடையும் அறையும் சேர்ந்து "அவள்தான்" என்று நம்ப வைத்துவிடும். கண்களுக்கு இடையிலான தூரம், புருவத்தின் வளைவு, முடி தொடங்கும் கோடு, தாடையின் அகலம், மச்சம் இருக்கும் பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த ஆளை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது இன்னும் நல்லது.

உடைக்குக் குறித்து வைத்த தாளை எடுத்து எண்ணுங்கள். இடத்துக்கு, நான்காம் பகுதியில் பார்த்த கேமரா உயரக் கோடு, அப்புறம் நாற்காலியின் முதுகில் கை உண்மையாகவே படிந்திருக்கிறதா என்பது. கை படிந்த இடத்தில் மெல்லிய நிழல் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கை மிதப்பதுபோலத் தெரியும்.

வெளிச்சத்துக்கு மூக்கின் நிழலையும் கழுத்துப் பட்டையின் நிழலையும் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் விழ வேண்டும்.

## 8. குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

முகம் வேறு யாரோபோல வந்தால், முதலில் உடைப் படத்திலும் இடப் படத்திலும் இன்னொரு முகம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டிய ஓவியத்தில் உள்ள முகம்கூடக் கணக்கில் வரும். அப்படி ஏதும் இல்லையென்றால் சட்டகத்தில் முகம் சிறியதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பிராம்ப்டில் முகத்தை வர்ணித்த சொற்களை நீக்குங்கள்.

முகம் அச்சாக வந்து, ஆனால் ஒட்டியதுபோலத் தெரிந்தால் வெளிச்ச உரிமை முகப் படத்திடமே இருக்கிறது என்று பொருள். முகப் படத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து பலமாக விழுந்திருந்தால் எழுத்தால் மட்டும் அதை மாற்றுவது கடினம். பரவலான வெளிச்சத்தில் எடுத்த வேறு முகப் படத்துக்கு மாறுவதே குறுக்கு வழி.

கோட்டின் பொத்தான்கள் குறைந்தால், உடைப் படத்தில் அவை தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். மடிப்புக்குள் மறைந்திருந்தாலோ கை மறைத்திருந்தாலோ எழுத்து எவ்வளவு சொன்னாலும் தடுமாறும். அறை மாறிப்போனால், நீங்கள் கேட்ட போஸுக்கு அந்த அறையில் இடமில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஆளை நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள்.

திருத்தும்போது ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முகப் படத்தையும் மாற்றி, பிராம்ப்டையும் மாற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வந்த படத்தின் மேலேயே "பொத்தானைச் சரி செய்", "கையை இறக்கு", "முடியைக் கொஞ்சம் ஒதுக்கு" என்று அடுக்கிக்கொண்டே போவதும் ஒரு பொதுவான தவறு. சின்னத் திருத்தம் கேட்டாலும் பல கருவிகள் முழுப் படத்தையும் புதிதாகத்தான் வரைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முகம் ஒரு இம்மி நகரும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு முதல் படத்தோடு ஒப்பிட்டால் வேறொருத்தி நிற்பாள். ஒன்றிரண்டு திருத்தத்துக்கு மேல் தேவைப்பட்டால், அந்தத் திருத்தங்களையெல்லாம் பிராம்ப்டில் சேர்த்து, மூன்று மூலப் படங்களிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். நடுவில் திருத்தியே ஆக வேண்டுமென்றால் முகப் படத்தை மறுபடியும் கூடவே ஏற்றி, முகம் இதில் உள்ளபடியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

## 9. மூன்றும் ஒன்றாகச் சேராதபோது இரண்டு கட்டமாகச் செய்வது

நுணுக்கமான பூவேலை, கோடு போட்ட துணி, பல அடுக்கு உடை என்று வந்தால் ஒரே மூச்சில் எல்லாம் சரியாக வருவது அரிது. அப்போது வேலையைப் பிரியுங்கள்.

முதல் கட்டத்தில் முகமும் உடையும் மட்டும். வெற்றுச் சாம்பல் பின்னணி, பரவலான வெளிச்சம், கடைசிப் படத்தில் வேண்டிய அதே போஸ், அதே சட்டகம். போஸை இங்கேயே தீர்மானிப்பது முக்கியம். அடுத்த கட்டத்தில் கையை நகர்த்தச் சொன்னால் உடையின் மடிப்புகள் எல்லாம் புதிதாக வரையப்படும், பொத்தான்கள் மறுபடி குழம்பும். உடை தாளில் உள்ளபடி முழுதாகச் சரியாக வந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாம் கட்டத்தில் மூன்று படங்கள்: மூல முகப் படம், முதல் கட்டத்தில் கிடைத்த ஆள், காலி அறை. இப்போது வேலைப் பிரிவினை மாறுகிறது, அதை மறக்காமல் எழுத வேண்டும்.

```
படம் 1: முகத்துக்கு மட்டும். முக அமைப்பைச் சரிபார்க்க.
படம் 2: ஆள், உடை, போஸ். எதையும் மாற்றாதே.
        சாம்பல் பின்னணியையும் இதன் வெளிச்சத்தையும் விடு.
படம் 3: அறை, கேமரா உயரம், வெளிச்சம்.
படம் 2இல் உள்ள ஆளைப் படம் 3இல் மேசையின் ஓரம் நிறுத்து.
ஆள்மேல் விழும் வெளிச்சத்தைப் படம் 3க்கு ஏற்ப மாற்று.
```

மூல முகத்தை இங்கே மறுபடி கொடுப்பது ஏனென்றால், முதல் கட்டத்தில் வந்த முகம் ஏற்கனவே ஒரு நகல். நகலை மட்டும் வைத்து இன்னொரு நகல் எடுத்தால் மூலத்திலிருந்து இன்னும் விலகும்.

இந்த முறைக்கு ஒரு பலன் உண்டு: முதல் கட்டத்தில் கிடைத்த ஆளை அப்படியே வைத்துக்கொண்டு, அறையை மட்டும் மாற்றி வேறு இடங்களிலும் நிறுத்தலாம். ஆனால் புதிய இடத்தின் கேமரா உயரமும் ஆளின் கேமரா உயரமும் ஒத்துப்போக வேண்டும். கண் உயரத்தில் எடுத்தவளை மாடியிலிருந்து கீழே பார்க்கும் படத்தில் நிறுத்த முடியாது. அப்படிப்பட்ட இடம் வேண்டுமென்றால் முதல் கட்டத்தையே அந்தக் கோணத்தில் திரும்பச் செய்ய வேண்டும். முகப் படமும் சற்று மேலிருந்து எடுத்ததாக இருந்தால்தான் அது பொருந்தும்.